நாளைக்கு என்று சொன்ன குரல்

நீதிமன்றத்தின் பக்கவாட்டு வாசலை ஒட்டி ஒரு டைப்பிங் கடை இருக்கிறது. உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். கடைக்காரருக்கு எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிட்டது. ஆனாலும் அவர் அடித்த மனுவில் ஒரு புள்ளி இடம் மாறி இருந்ததாக எந்த வக்கீலும் திரும்பி வந்ததில்லை. டைப்பண்ணன் என்றால்தான் அந்த வளாகத்தில் அவரைத் தெரியும். மனுவை அடித்து முடித்ததும் தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒருமுறை, மேசையில் வைத்து விரலால் வரி வரியாகத் தொட்டு ஒருமுறை படிப்பார். அதுவரை பொறுக்காத வக்கீலுக்கு வேறு கடை இருக்கிறது.

வாய் திறந்தால் அவருக்கு இரண்டே பேச்சு. ஒன்று, பிரிண்டர் மை படுத்தும் பாடு. இன்னொன்று, அவருடைய தங்கை.

தங்கை உள்ளே இலவச சட்ட உதவி அறையில் வேலை பார்க்கிறாள். வக்கீல் இல்லை. வருகிறவர்களை உட்கார வைத்து, கதையைக் கேட்டு, எந்த வக்கீலிடம் அனுப்ப வேண்டுமோ அனுப்பி, அடுத்த தேதியை அவர்கள் மண்டையில் ஏற்றி அனுப்புவது அவள் வேலை. கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம். கல்யாண வயது தாண்டியும் வளாகம் முழுக்கக் கேட்கும்படி அண்ணன் அவளை "பாப்பா" என்று கூப்பிடுவார். அவளும் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டாள்.

"அண்ணே, இங்க எனக்கு ஒரு மரியாதை இருக்கு."

"அதைத்தான் நானும் சொல்றேன் பாப்பா. யார் இல்லேன்னா?"

சின்ன வயதிலிருந்தே அவளுக்கு ஒரு குணம். தெருவில் யாருக்குக் கடிதம் வந்தாலும் அவளிடம்தான் கொண்டுவருவார்கள். மற்ற பிள்ளைகள் கடகடவென்று வாசித்துவிட்டு விளையாட ஓடும். இவள் வாசித்துவிட்டு, "இப்ப என்ன புரிஞ்சுது, சொல்லுங்க" என்று திருப்பிக் கேட்பாள். பெரியவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் திருப்பிச் சொல்லும்போது பாதி தப்பாக வரும். அப்போதுதான் அவர்களே உட்கார்ந்து இரண்டாம் முறை கேட்பார்கள்.

சட்ட உதவி அறையில் அவள் சேர்ந்த புதிதில் பார்த்தது இதையேதான். சின்ன வழக்குகள். நடைபாதையில் கடை போட்டது, வாய்ச்சண்டை கைகலப்பானது, வண்டிக்கு உரிமம் இல்லாதது. இதற்கெல்லாம் யாரும் சிறைக்குப் போவதில்லை. தேதிக்கு வராவிட்டால்தான் வினை. நீதிபதி பெயரைக் கூப்பிடச் சொல்வார்; ஆள் இல்லை என்றால் வாரண்ட். ஏன் வரவில்லை என்று பின்னால் கேட்டால், பலருக்கும் ஒரே பதில்: "தாள் கொடுத்தாங்கம்மா. அதுல என்ன எழுதியிருந்துதுன்னு யாருகிட்ட கேக்குறது?"

அந்தத் தாளை அடித்தது டைப்பண்ணன். "மேற்படி வழக்கு விசாரணைக்கு எடுத்துக்கொள்ளப்படவுள்ளதால் தாங்கள் தவறாது நேரில் ஆஜராகும்படி இதன்மூலம் அறிவுறுத்தப்படுகிறீர்கள்" என்று ஒரே மூச்சில் போகும் வாக்கியம். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

தங்கை அதை எடுத்து வெட்டத் தொடங்கினாள். முதலில் "மேற்படி" போனது. அப்புறம் "இதன்மூலம்". "தாங்கள்" போனபோது அண்ணனுக்குத் தாங்கவில்லை.

"மரியாதையையே வெட்டுறியே?"

"'வாங்க'ன்னு போடுறேன். அதுல மரியாதை இல்லையா?"

கடைசியில் மிஞ்சியது: உங்க கேஸ். 14, செவ்வாய். காலை 10. இந்த கேட். நீலத் தாள் கொண்டு வாங்க. வழக்கு எண் போட்டுக் கோர்ட்டில் கொடுக்கும் தாள் நீல நிறம்.

எழுத்தே தெரியாதவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு எண் தெரியும் என்பது அவள் கவனித்த விஷயம். ரூபாய் நோட்டும் போனும் கற்றுக்கொடுத்தது. அதனால் தாளுக்குப் பதில் ஒரு சின்ன அட்டை அடித்து, அதில் 14 என்பதையும் 10 என்பதையும் கட்டைவிரல் அகலத்துக்கு நிறுத்தினாள். மற்றதற்குப் படம்.

படத்தைச் சரிபார்க்க அவள் வந்த இடம் அண்ணன் கடை. எப்போதும் நாலு பேர் காத்திருக்கிற இடம். முதல் அட்டையில் நீதிமன்றத்துக்கு அடையாளமாகத் தராசு போட்டிருந்தாள். ஒரு அம்மாவிடம் காட்டி, "இது என்ன இடம்?" என்று கேட்டாள்.

"மளிகைக் கடை."

பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்தார். "பழைய இரும்புக் கடைம்மா. இந்த மாதிரி தராசு இப்ப அங்கதான் இருக்கு."

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். தங்கை சிரிக்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு வெளியே போய், பக்கவாட்டு வாசலை, துருப்பிடித்த நீலக் கதவும் அதன் மேல் சாய்ந்த வேப்பமரமும் தெரியும்படி படம் பிடித்து வந்தாள். அதைக் காட்டியபோது அந்த அம்மா, "இது இந்த வாசல்தானே, இப்பத்தானே இதுல நுழைஞ்சு வந்தேன்" என்றாள். தராசு போய் வேப்பமரம் வந்தது. அதே படத்தை, வருகிறவர்களின் போனில் சட்ட உதவி அறையின் எண்ணோடு சேர்த்துப் பதிந்தும் கொடுத்தாள். அழைப்பு வந்தால் திரையில் நீலக் கதவு தெரியும். தெரியாத எண் என்று துண்டிக்க மாட்டார்கள்.

பிறகுதான் குரல் அழைப்பு. முந்தைய நாள் சாயங்காலம் எல்லோருக்கும் தானாக ஒரு பதிவு போக வேண்டும். யார் குரல் என்று கேள்வி வந்தது. சட்ட உதவி அறையின் பொறுப்பாளரான வக்கீலம்மா, கம்பீரமாக இருக்கட்டும் என்று ஒரு ஆண் வக்கீலைப் பேச வைத்தார். கேட்டவர்களில் பாதிப் பேர் போலீஸ் என்று நினைத்து வைத்துவிட்டார்கள். அதனால் தங்கையே பேசினாள்.

ஆள் போனை எடுத்துக் காதில் வைப்பதற்குள் முதல் சில வார்த்தைகள் காற்றில் போய்விடும் என்று கண்டு, முதலில் இரண்டு வணக்கம் வைத்தாள். போனால் வணக்கம்தான் போகட்டும். அதற்குப் பின் செய்தி. பிறகு அதே செய்தி இன்னொரு முறை. பல வீடுகளில் போன் ஒன்று, காதுகள் ஏழெட்டு என்பதால், "இந்த போனை வீட்டுல வேற யார் எடுப்பாங்க? கேஸ் விஷயம் அவங்களுக்குத் தெரியலாமா?" என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வாள். வேண்டாம் என்றால் அழைப்பு கிடையாது.

கிழமையும் தேதியும் ஆளுக்கு ஆள் மாறும் அல்லவா? அழைப்புகளை அனுப்பும் நிறுவனத்தார், துண்டு துண்டாகப் பேசிக் கொடுத்தால் கணினி ஒட்டிக்கொள்ளும் என்றார்கள். ஒட்டிப் பார்த்தார்கள். "உங்க கேஸ்... செவ்வாய்... பதினாலு" என்று, ரயில் நிலையத்தில் வண்டி தாமதம் என்று சொல்லும் குரல் மாதிரி வந்தது. அண்ணன் கடையில் கேட்ட ஒருவர், "எந்த பிளாட்பாரம்?" என்றே கேட்டுவிட்டார். தங்கை யோசித்தாள். எப்படியும் முந்தைய நாள்தானே போகிறது? கிழமையும் வேண்டாம், தேதியும் வேண்டாம். எல்லோருக்கும் ஒரே வார்த்தை போதும். சின்ன வார்த்தை.

"வணக்கம். வணக்கம். சட்ட உதவி அறையிலேர்ந்து பேசுறேன். உங்க கேஸ் நாளைக்கு. காலையில பத்து மணி. நீலக் கதவு வாசல். வரலேன்னா வாரண்ட் வரும். வந்தா நாங்க கூட இருப்போம்."

சாயங்காலம் போனை அணைத்துவைப்பவர்களும் உண்டு என்பதால், எடுக்காதவர்களுக்கு மறுநாள் விடிந்ததும் இன்னொரு முறை அழைக்கும்படி அவளே கேட்டு வாங்கினாள். ஒருவர் கூட விட்டுப்போகக் கூடாது என்பது அவள் எண்ணம்.

நன்றாகவே நடந்தது. தேதி தவறுகிறவர்கள் கண்ணுக்குத் தெரிந்து குறைந்தார்கள். ஆறு மாதத்துக்குப் பரீட்சார்த்தமாக அனுமதி கொடுத்திருந்த நீதிபதியே ஒருமுறை வக்கீலம்மாவிடம் நல்ல வார்த்தை சொன்னதாகப் பேச்சு. டைப்பண்ணன் அந்தப் பதிவைத் தன் போனில் வைத்துக்கொண்டு, கேட்டவர் கேட்காதவர் எல்லோருக்கும் போட்டுக் காட்டினார். "கேட்டீங்களா, 'நாங்க கூட இருப்போம்'னு சொல்றப்ப குரல் எப்படி இறங்குது பாருங்க." மனு அடிக்க வந்தவர்கள் தலையாட்டிவிட்டு, "அண்ணே, என் மனு" என்பார்கள்.

ஒரு புதன்கிழமை காலை பழவண்டிக்காரர் வந்தார். சலவைச் சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, கையில் நீலத் தாள். வண்டி பாதையை மறித்தது, அதை நகர்த்தச் சொன்ன காவலரிடம் எதிர்த்துப் பேசியது, இவைதான் அவர் வழக்கு. கடை வாசலில் நின்று, "அண்ணே, பத்து ஆகலையே? டீ குடிக்க நேரம் இருக்கா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனவர், கொஞ்ச நேரத்தில் சாம்பல் முகத்தோடு திரும்பி வந்தார்.

"நேத்தாம்ண்ணே. கேஸ் நேத்தாம். வாரண்ட் போட்டாச்சாம்."

டைப்பண்ணன் கடையைப் பக்கத்து ஜெராக்ஸ்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவரைத் தங்கையிடம் கூட்டிப்போனார். போகும் வழியில் கொஞ்சம் கடிந்தும் கொண்டார். அட்டையில் கட்டைவிரல் அகலத்துக்கு 14 என்று போட்டிருக்கிறதே, என் தங்கை இவ்வளவு பாடுபட்டும் இந்த மனிதர் இப்படிச் செய்துவிட்டாரே என்று.

தங்கை அவரை உட்கார வைத்தாள். அட்டையைக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தார். 14.

"இதுல என்ன எண் இருக்கு?"

"பதினாலு. அது தெரியும்மா."

"அப்புறம் ஏன் பதினஞ்சாம் தேதி வந்தீங்க?"

"நீங்கதானேம்மா சொன்னீங்க." அவர் குரலில் கோபமில்லை, குழப்பம்தான் இருந்தது. "நேத்து காலையில போன் போட்டு 'நாளைக்கு'ன்னீங்க. நான் சட்டையெல்லாம் போட்டுக் கிளம்பி நிக்கிறேன். என்னடா, கார்டு ஒண்ணு சொல்லுது, போன் ஒண்ணு சொல்லுதுன்னு உங்களுக்கே திருப்பிப் போட்டேன். மறுபடியும் 'நாளைக்கு'ன்னீங்க. வீட்டுக்காரி நம்பலை. அவளும் போட்டுக் கேட்டா. 'நாளைக்கு'. கார்டு போன மாசம் குடுத்தது, போன் இன்னைக்கு வந்தது. ஏற்கெனவே ஒரு தடவை தேதி தள்ளிப்போச்சு. இதுவும் தள்ளிப்போச்சுன்னு சட்டையைக் கழட்டிட்டு வண்டியைத் தள்ளிட்டுப் போயிட்டேன்."

தங்கை கணினியில் அழைப்புகளின் பட்டியலைத் திறந்தாள். திங்கட்கிழமை சாயங்காலம் அவர் எண்ணுக்கு அழைப்பு போயிருக்கிறது, போன் அணைந்திருந்தது. செவ்வாய் விடிந்ததும் மறுபடி போயிருக்கிறது, எடுத்திருக்கிறார். அவர் சொன்ன இரண்டு திரும்பழைப்புகளும் வரிசையாக இருந்தன. திரும்பக் கூப்பிட்டால் கடைசியாகப் போன பதிவே மறுபடி கேட்கும். அதுவும் அவள் கேட்டு வாங்கிய வசதிதான். திங்கட்கிழமைக்காகப் பேசிய 'நாளைக்கு' செவ்வாய்க்கிழமையும் 'நாளைக்கு' என்றே சொல்லியிருக்கிறது. நேரத்தை மாற்றினாளே தவிர வாக்கியத்தை மாற்றவில்லை.

அவள் அப்படியே பட்டியலில் பின்னோக்கிப் போனாள். காலையில் மட்டும் அழைப்பை எடுத்தவர்கள் யார் யார் என்று பார்த்தாள். பெரும்பாலானவர்கள் அட்டையை நம்பி வந்திருந்தார்கள். இவரைத் தவிர இன்னும் இருவர் வரவில்லை. அந்த இருவர் பேரிலும் வாரண்ட் நிலுவையில் இருந்தது. அவர்களை யாரும் கேள்வி கேட்டிருக்கவில்லை. வராத ஆட்கள் என்று எழுதி மூடியிருந்தார்கள்.

வக்கீலம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனுஷி இல்லை அவர். "வாரண்ட்டைத் திரும்ப வாங்க மனு போடுவோம். இவரைக் கையோட கூட்டிட்டுப் போய் நிறுத்துவோம். காரணம், தவிர்க்க முடியாத சூழ்நிலைன்னு பொதுவா போட்டுக்கலாம். நம்ம போனைப் பத்தி எழுதினா என்ன ஆகும்னு உனக்குத் தெரியும்ல? பரீட்சார்த்தம்னுதான் அனுமதி. ஐயா இன்னைக்கே நிறுத்துன்னு சொல்லிடுவார். அப்புறம் இத்தனை பேருக்கு ஞாபகப்படுத்துறது யாரு?"

"பொதுவா போட்டா ஐயா ஒத்துக்குவாரா மேடம்? இவர் முன்னாடியே ஒரு தேதி தவறியிருக்கார்."

இரண்டாம் முறை தவறுகிறவரை, காரணம் சரியில்லை என்றால் ஜாமீனை ரத்து செய்து உள்ளே அனுப்புவது நடக்காத காரியமில்லை. பழவண்டிக்காரர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "வண்டியில பழம் கிடக்கும்மா" என்று மட்டும் சொன்னார்.

மனுவை அடிக்கக் கடைக்கு வந்தார்கள். தங்கை பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல அண்ணன் அடித்தார். பெயர், வழக்கு எண் எல்லாம் ஓடியது. "மனுதாரருக்குச் சட்ட உதவி அறையிலிருந்து அனுப்பப்பட்ட குரல் பதிவு தவறான நாளைச் சொன்னதால்" என்றபோது அவர் விரல்கள் நின்றன.

"பாப்பா, இந்த வரி வேணாம்."

"அடிங்கண்ணே."

"உன் குரல்னு கோர்ட்டுக்கே தெரியும். உன் வேலைக்கு வினை வரும். 'தகவல் தொடர்பில் ஏற்பட்ட குழப்பத்தால்'னு போடுறேன். அதுவும் பொய் இல்லையே?"

"அப்படிப் போட்டா குழப்பம் அவரோடதுன்னு ஆயிடும். மூணு தடவை கேட்டிருக்கார் அந்த மனுஷன். படிச்சவங்க ஒரு தடவை கூடக் கேக்க மாட்டாங்க."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இதுவரை எத்தனையோ பேர் சொன்ன பொய்யையும் மெய்யையும் ஒரே வேகத்தில் அடித்தவர்தான். இந்த ஒரு வரியைத் தட்ட அவருக்குக் கை வரவில்லை. தங்கை அவரைத் தள்ளவும் இல்லை, கெஞ்சவும் இல்லை, காத்திருந்தாள். கடைசியில் அடித்தார். அதற்குக் கீழே, இதே காரணத்தால் இன்னும் இருவர் வராமல் போயிருக்கலாம் என்ற வரியையும் அவள் சேர்க்கச் சொன்னாள். அதையும் அடித்தார். வழக்கம்போல் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிழை ஒன்றும் இல்லை. இருந்தால் இன்னொரு முறை அச்சடிக்கிற சாக்கில் யோசிக்கலாம் என்றுகூட நினைத்தார்.

வக்கீலம்மா மனுவைப் படித்துவிட்டுத் தங்கையை ஒரு பார்வை பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

மதிய இடைவேளைக்கு முன்பாக மனு எடுத்துக்கொள்ளப்பட்டது. டைப்பண்ணன் கடையைப் பூட்டிவிட்டு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். நீதிபதி மனுவைப் படித்தார், மறுபடி முதல் பக்கத்துக்குப் போனார்.

"அந்தப் பதிவு இருக்கா?"

தங்கை போனை உயர்த்திப் பிடித்தாள். நீதிமன்ற அறையில் அவள் குரல் கேட்டது. வணக்கம், வணக்கம். உங்க கேஸ் நாளைக்கு. எத்தனையோ பேருக்குத் தானே போட்டுக் காட்டிய பதிவுதான். இன்று டைப்பண்ணன் அதைக் கேட்கும்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்க கூட இருப்போம் என்று முடிந்தது.

"இது செவ்வாய்க்கிழமை காலையில போச்சு?"

"ஆமாங்கய்யா. தப்பு பதிவுல இருக்கு. அவர்கிட்ட இல்லை. அழைப்புப் பட்டியலை இணைச்சிருக்கோம்."

நீதிபதி பட்டியலைப் பார்த்தார். பழவண்டிக்காரரிடம், "எதுக்கு மூணு முறை கேட்டீங்க?" என்றார்.

"வாரண்ட்டுன்னு சொல்றாங்களே சாமி. பயந்தான்."

வாரண்ட் திரும்பப் பெறப்பட்டது. அபராதம் இல்லை. வழக்குக்கு அடுத்த மாதம் புதிய தேதி. மற்ற இருவரின் வழக்குகளையும் மறுநாளே மேசைக்குக் கொண்டுவரச் சொன்னார். பிறகு, திருத்திய பதிவைத் தானே கேட்டு ஒப்புக்கொள்ளும்வரை அழைப்புகள் எதுவும் போகக் கூடாது என்று உத்தரவிட்டார். வக்கீலம்மா பயந்தது பாதி நடந்துவிட்டது. அந்த வாரம் முழுக்கத் தேதி உள்ளவர்களுக்குத் தங்கையே ஒவ்வொருவராகப் போன் போட்டுப் பேசினாள். தொண்டை கட்டிக்கொண்டது.

வாரக் கடைசியில், கட்டின தொண்டை கொஞ்சம் திறந்ததும், புதிதாகப் பேசினாள். துண்டு ஒட்டவில்லை. முதல் தேதிக்கு ஒன்று, இரண்டாம் தேதிக்கு ஒன்று என்று மாதத்துக்கான முப்பத்தொரு வாக்கியத்தையும் முழுசாக, ஒரே மூச்சில். "உங்க கேஸ் பதினாலாம் தேதி." எந்த நாள் எடுத்தாலும் பதினாலு பதினாலுதான். விடிந்ததும் போகிற அழைப்புக்குத் தனிப் பதிவு: "உங்க கேஸ் இன்னைக்கு. இப்பவே கிளம்புங்க." அது பத்து மணிக்குப் பின் போகவே போகாது. திரும்பக் கூப்பிட்டால் பழைய பதிவு கேட்காது. அந்த நாளைப் பார்த்து அதற்கானது கேட்கும். அட்டையும் போனும் இனிமேல் ஒரே எண்ணைத்தான் சொல்லும்.

நீதிபதிக்கு அனுப்பும் முன் யாரிடமாவது போட்டுக் காட்ட வேண்டும். அண்ணன் கடையில் காத்திருந்தவர்களிடம் போட்டாள். பிறகு தெருமுனைக்குப் போய்ப் பழவண்டிக்காரரிடமும் போட்டாள். அண்ணனும் கூடவே போனார். பழவண்டிக்காரர் ஒரு கையால் பழத்தை அடுக்கிக்கொண்டே பதிவைக் கேட்டு முடித்தார்.

"இப்ப என்ன புரிஞ்சுது, சொல்லுங்க."

"பதினாலாம் தேதி. பத்து மணி. நீலக் கதவு."

"அட்டையில வேற எண் இருந்தா?"

அவர் ஒரு பழத்தைத் திருப்பி, அடிபட்ட பக்கத்தைக் கீழே வைத்தார். "அப்ப உங்களுக்குப் போன் போடமாட்டேன்ம்மா. நேரா வந்து கேப்பேன். போன்ல நான் பேசுறது உங்களுக்குக் கேக்க மாட்டேங்குதே. அன்னைக்கு எவ்வளவு கத்தினேன், 'அம்மா, இன்னைக்கா நாளைக்கா'ன்னு. நீங்க பாட்டுக்குப் பேசிட்டே இருந்தீங்க."

டைப்பண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தங்கை சிரிக்கவில்லை. போனை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டாள். நீதிபதிக்குப் போன பதிவின் கடைசியில் இன்னொரு வாக்கியம் சேர்ந்திருந்தது: "இது பதிவு பண்ணின குரல். ஆள்கிட்ட பேசணும்னா ஒண்ணை அழுத்துங்க."

ஒன்றை அழுத்தினால் மணி அடிப்பது அவள் மேசையில். நீதிபதி ஒப்புக்கொண்டு அழைப்புகள் மறுபடி போகத் தொடங்கிய அடுத்த வாரத்திலிருந்து அது விடிந்ததுமே அடிக்கத் தொடங்கியது. அதனால் அவள் இப்போதெல்லாம் அண்ணன் கடை திறப்பதற்கு முன்பே வேலைக்கு வந்துவிடுகிறாள்.